நடுக்குழி கருகுது, ஓரக்குழி வேகலை: பணியாரத்தில் எங்கே தப்பு?

ஏழு குழி இரும்புக் கல்லில் முதல் ஈடு எடுத்துப் பாருங்கள். நடுவில் இருப்பது கருகியிருக்கும், சுற்றிலும் இருக்கிற ஆறும் வெளுத்திருக்கும். உடனே மாவைத்தான் குறை சொல்வோம். பல நேரம் தப்பு மாவில் இல்லை, தீயில் இருக்கிறது.

கேஸ் அடுப்பில் சூடு கல்லின் நடுவில்தான் குவியும். கல் சூடேறும்போதே தீயைக் கூட்டி வைத்தால் ஓரம் காய்வதற்குள் நடு கொதித்துவிடும். மிதமான தீயில் நாலைந்து நிமிடம் விடுங்கள். எண்ணெய் விடுவதற்கு முன் ஓரக்குழி ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால், அது உருண்டு ஓடி மறைய வேண்டும். மாவை ஓரக்குழிகளில் முதலில் ஊற்றி, நடுக்குழியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். திருப்பும்போது நடுவில் இருப்பதையும் மறக்காமல் பாருங்கள், அது கடைசியில் ஊற்றியதானாலும் மற்றதுக்கு முன்னால் சிவந்துவிடலாம்.

எண்ணெய் குழிக்கு அரை டீஸ்பூன் போதும். அதற்கு மேல் விட்டால், மாவு உள்ளே இறங்கியதும் எண்ணெய் மேலே ஏறிப் பக்கத்துக் குழிக்கு வழியும், பணியாரமும் குடித்துக்கொள்ளும். ஆனால் அடியில் தேங்கி நிற்கிற எண்ணெயால் பயனில்லை, சுவரிலும் ஏற வேண்டும். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, குழியைச் சுற்றித் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது. எண்ணெய் காய்ந்த பிறகே மாவு. ஊற்றியதும் 'சொய்' என்று சத்தம் வரவில்லையென்றால் அது ஒட்டப்போகிறது. முக்கால் குழி ஊற்றினால் போதும், மீதியை அது உப்பி நிரப்பிக்கொள்ளும்.

பெரும்பாலோர் சறுக்குவது திருப்பும் நேரத்தில்தான். ஒரு நிமிடத்திலேயே குச்சியை விட்டு நோண்டினால் அடி கிழிந்து பாதி குழியிலேயே தங்கிவிடும். அதற்குப் பயந்து மேலே முழுக்க காயும்வரை காத்திருந்தால், திருப்பிய பக்கம் தட்டையாகிவிடும். உருண்டை வருவதன் சூட்சுமமே மேலே மிச்சமிருக்கிற ஈர மாவுதான். திருப்பும்போது அது குழிக்குள் வழிந்து மறுபாதியை நிரப்புகிறது. அதனால் ஓரம் சிவந்து சுவரைவிட்டு லேசாக விலகியிருக்க வேண்டும், நடுவில் ஒரு காசு அளவு ஈரம் பளபளக்க வேண்டும். மிதத்துக்குக் கொஞ்சம் குறைந்த தீயில் இதற்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். மறுபக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். கடிகாரத்தைவிட ஓரத்தைப் பார்ப்பதே மேல்.

வெல்லம் போட்ட மாவு வேறு கதை. வெல்லம் சீக்கிரம் சிவக்கும், ஒட்டவும் செய்யும். வெளியே நிறம் வந்துவிட்டதே என்று எடுத்தால் உள்ளே பச்சை மாவு வாடை அடிக்கும். தீயை இன்னும் தணித்து, எண்ணெயை ஒரு சொட்டு கூட்டி, இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

அப்புறம், இரண்டாம் ஈட்டுக்குக் கல் ஏற்கெனவே நன்றாகக் காய்ந்திருக்கும். தீயை ஒரு படி குறையுங்கள், எண்ணெய் கால் டீஸ்பூன் போதும்.