"முழுங்கு, முழுங்கு" இல்லாமல் ஒரு கிண்ணம் சாதம் ஊட்டுவது எப்படி?

இரவு ஏழரை மணிக்கு மேல் சென்னையில் எந்த அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறினாலும் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் "ஆ காட்டு", "முழுங்குடா", "இப்ப சாப்பிடலன்னா பூச்சாண்டியக் கூப்பிடுவேன்" என்று கேட்கும். இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை உள்ள பிள்ளைக்குப் புதிதாக ஊட்டத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளியல், தூக்கம், எல்.கே.ஜி. அழுகை எல்லாம் தனிக்கதை. இங்கே சாப்பாட்டு நேரம் மட்டும்.

முதல் படி: பசி இருக்கிறதா என்று பாருங்கள்

பிறந்தபோது இருந்த எடை முதல் வருடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடத்தில் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையும். "போன வருஷம் நல்லா சாப்பிட்டான், இப்ப பறவை மாதிரி கொறிக்கிறான்" என்று எல்லா வீட்டிலும் புலம்புவது இதனால்தான். ஆறரை மணிக்கு ஒரு டம்ளர் பாலும் நாலு பிஸ்கெட்டும் உள்ளே போயிருந்தால், ஏழரைக்கு எந்தக் கொஞ்சலும் பலிக்காது. பாலை முன்னால் தள்ளுங்கள், அல்லது பாதியாக்குங்கள். சொற்களை மாற்றுவது அதற்கு அப்புறம்.

இரண்டாம் படி: மிரட்டலில் வரும் ஆட்களை வெளியே அனுப்புங்கள்

பூச்சாண்டி, மூணு கண்ணன், போலீஸ் மாமா, ஊசி போடும் டாக்டர். இதில் பூச்சாண்டியை விட டாக்டர்தான் பெரிய தொல்லை. ஒன்றரை, இரண்டு வயதில் தடுப்பூசி, ஐந்து வயதில் மறுபடியும் தடுப்பூசி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஊசியைத் தண்டனையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை வாசலிலேயே கத்தும். போலீஸும் அப்படித்தான். தி.நகர் கூட்டத்தில் கை நழுவிப் போனால் பிள்ளை ஓடிப் போக வேண்டியது அந்தக் காக்கிச் சட்டையிடம்தானே?

வீட்டில் மாமியார் சொல்கிறார் என்றால் தடுத்துப் பேசாதீர்கள், வேறு வேலை கொடுங்கள். "அத்தை, நீங்க அந்த யானைக் கதையச் சொல்லுங்களேன், நான் ஊட்டிடறேன்" என்றால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

மூன்றாம் படி: வினையின் வாலை மாற்றுங்கள்

அதட்டலுக்கும் கொஞ்சலுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் "சாப்பிடு" என்ற சொல்லின் வாலில் இருக்கிறது. முன்னால் "செல்லம், தங்கம், பட்டு" என்று எத்தனை சேர்த்தாலும் வால் கட்டளையாக இருந்தால் அது கட்டளைதான்.

"சாப்பிடு" என்பதை "சாப்பிடு பாக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். உத்தரவு அங்கேயே விளையாட்டாகிவிடும். ஆனால் ஒரு வேளையில் இரண்டு, மூன்று தடவைதான் எடுபடும். அதற்கு மேல் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

"சாப்பிடலாமா?" கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் ஜாக்கிரதை. அது கேள்வி. "வேணாம்" என்ற பதிலை ஏற்கத் தயாராக இருந்தால் மட்டும் கேளுங்கள். தயாராக இல்லையென்றால் தேர்வை வேறு இடத்தில் வையுங்கள்: "ரசம் சாதமா, தயிர் சாதமா?"

எனக்குப் பிடித்தது "ஆம்" என்று முடிவது. "நீ ரெண்டு வாய் சாப்பிடுவியாம், அப்புறம் நாம மாடிக்குப் போய் ரயில் பாப்போமாம்." யாரோ எங்கேயோ சொன்ன கதையைத் திருப்பிச் சொல்வது போல இருப்பதால், எதிர்த்து நிற்க எதிரில் ஆள் இல்லை. பாட்டிமார் இதை யோசிக்காமலே செய்கிறார்கள். ஒரு எல்லை மட்டும் உண்டு: ரயில் பார்ப்பது லஞ்சமாகக் கூடாது. "சாப்பிட்டாத்தான் ரயில்" என்றால் சோறு கசப்பு மருந்தாகிவிடும். இரண்டு வாயோடு எழுந்தாலும் மாடிக்குக் கூட்டிப் போங்கள்.

"துப்பாத", "ஓடாத", "கொட்டாத" இவற்றில் செய்யக் கூடாத செயல்தான் முதலில் காதில் விழுகிறது, மறுப்பு கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. செய்ய வேண்டியதைச் சொன்னால் பிள்ளைக்குச் சுலபம். "துப்பாத" என்பதற்கு "வேணாம்னா இந்தக் கிண்ணத்துல வை". "ஓடாத" என்பதற்கு "உக்காந்து மெல்லு". சோறு வாயில் இருக்கும்போது ஓடவிட்டாலும், சிரிக்க வைத்தாலும் புரையேறும் என்பதால் இந்த இரண்டாவதை நான் விடுவதே இல்லை.

நான்காம் படி: கடைசி வாய் என்றால் கடைசி வாய்

"இதான் கடைசி வாய்" என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம் ஆறு வாய் ஊட்டாத வீடு நம் ஊரில் குறைவு. அதட்டல் இல்லை, அடி இல்லை, கேட்க மென்மையாகவே இருக்கும். ஆனால் பிள்ளை இதிலிருந்து கற்றுக்கொள்வது, அம்மா சொல்லும் எண்ணுக்கு மதிப்பில்லை என்பதைத்தான். நாளைக்கு முதல் வாயிலேயே உதட்டை இறுக்கிக்கொள்ளும். அதனால் "இன்னும் ரெண்டு" என்றால் இரண்டோடு நிறுத்துங்கள், கிண்ணத்தில் மிச்சம் இருந்தாலும்.

என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் முடிவு செய்ய, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும் என்கிறார் எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர். நம் வீடுகளில் அந்த "எவ்வளவு" என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

ஒரு வேளைச் சாப்பாடு, நடந்தபடி

பெரம்பூரில் எங்கள் வீடு. மகனுக்கு இரண்டரை வயது. கிண்ணத்தில் குழைந்த ரசம் சாதம், ஓரத்தில் உருளைக்கிழங்கு. நாலைந்து வாய் ஒழுங்காக இறங்கியது. அடுத்ததை வலது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தான்.

"முழுங்குடா! எவ்வளவு நேரம் வாயிலயே வெச்சிருப்ப?" என்றார் அத்தை.

"மென்னாச்சா? ஆ காட்டு பாக்கலாம்" என்றேன். பாதி மென்றது தெரிந்தது. "சரி, பல்லு வேலை செய்யட்டும், நான் வெயிட் பண்றேன்." கையைக் கிண்ணத்திலேயே வைத்துக்கொண்டேன். அடுத்த உருண்டையை வாயருகே பிடித்துக்கொண்டு நின்றால் அதுவும் ஒரு "முழுங்கு"தான்.

விழுங்கினான். "இன்னும் ரெண்டு இருக்காம். ஒண்ணு நீயே எடுப்பியாம், ஒண்ணு பாட்டி குடுப்பாங்களாம்."

தானே எடுத்ததில் பாதி சட்டையில். பாட்டி கொடுத்தபோது தலையைத் திருப்பிக்கொண்டான்.

"ஒரே ஒரு வாய்டா, என் ராஜால்ல?"

மறுபடியும் தலை திரும்பியது. "போதும் அத்தை, வயிறு ரொம்பிடுச்சு போல" என்று கிண்ணத்தை எடுத்தேன். அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். காலையில் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

வாயை இறுக்குவது, தலையைத் திருப்புவது, கையால் தள்ளுவது எல்லாம் போதும் என்பதற்கான அடையாளங்கள். கன்னத்தில் ஒதுக்குவது மட்டும் இரண்டுங்கெட்டான்: மெல்லக் கடினமாக இருக்கலாம், பசி அடங்கியிருக்கலாம், கவனம் வேறெங்கோ போயிருக்கலாம். அதனால்தான் முதலில் "ஆ காட்டு".

எங்கே மென்மை வேண்டாம்

கொதிக்கிற ரசப் பாத்திரத்தை நோக்கிக் கை போகும்போது "தொடுவியாம், தொடமாட்டியாம்" என்றெல்லாம் பேச நேரமில்லை. "தொடாத! சுடும்!" உரக்க, இரண்டே சொல், கூடவே கையையும் பிடித்து இழுங்கள். அந்தக் குரல் அங்கே வேலை செய்ய வேண்டுமானால் சோற்றுக்கு அதைச் செலவழிக்காமல் இருக்க வேண்டும். "சனியனே", "எருமை" மாதிரியானவற்றுக்கு மென்மையான மாற்று எதுவும் தேட வேண்டியதில்லை, விட்டுவிட்டால் போதும். "வாலு" என்பது சிரித்துக்கொண்டே சொன்னால் கொஞ்சல். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் அதுவும் திட்டுதான்.

எடை குறைந்துகொண்டே வந்தாலோ, விழுங்கும்போதெல்லாம் இருமல் வந்தாலோ, கட்டியான எதையும் வாயில் வாங்கவே மறுத்தாலோ பேச்சை மாற்றிப் பயனில்லை. குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள்.