பழைய ரேட்டில் விலை, புதிய ரேட்டில் பணம்

மலேசியாவில் நாம் ரிங்கிட்டையும் 'வெள்ளி' என்கிறோம், சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் டாலரையும் 'வெள்ளி' என்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் கணக்கு எழுதும் சேலைக் கடைக்கு ஒருமுறை "அண்ணே, 200 வெள்ளிதானே?" என்று வாட்ஸ்அப் வந்தது. கடைக்கார அண்ணனும் "ஆமாம்மா" என்று அனுப்பிவிட்டார். எந்த நாட்டு வெள்ளி என்பதில் இரண்டு நாள் மனஸ்தாபம். அன்றிலிருந்து எந்த விலைக்கு முன்னாலும் SGD அல்லது MYR போடாமல் எதுவும் வெளியே போவதில்லை. இது சின்னத் தவறு, சட்டென்று திருத்திவிடலாம். தேதி சம்பந்தப்பட்ட தவறுகள் அப்படியில்லை.

2024 தீபாவளிக்கான ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். ஜூலை தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து ஒரு அக்கா 12 பட்டுச் சேலைகள் கேட்டார். அன்று ஒரு சிங்கப்பூர் டாலர் சுமார் 3.47 ரிங்கிட். அண்ணன் கணக்குப் போட்டு, சேலைக்கு 200 வீதம் மொத்தம் SGD 2,400 என்றார். அவர் கணக்கில் அது 8,328 ரிங்கிட். முன்பணமாக 720 டாலர் உடனே வந்தது. மீதி 1,680 டாலரைச் சரக்கு அனுப்பும்போது, செப்டம்பர் கடைசியில் கட்டுவதாகப் பேச்சு.

அந்த மூன்று மாதத்தில் ரிங்கிட் மளமளவென்று ஏறியது. பிப்ரவரியில் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.80 வரை போன ரிங்கிட், செப்டம்பர் முடிவில் 4.12 பக்கம் வந்துவிட்டது. சிங்கப்பூர் டாலரும் 3.21 வாக்கில் இறங்கியது. முன்பணத்தில் 2,498.40 ரிங்கிட், மீதியில் 5,392.80, ஆக 7,891.20. எதிர்பார்த்ததைவிட 436.80 குறைவு, சேலைக்கு 36 ரிங்கிட் போல. சேலைகளையோ ஜூனிலேயே கொள்முதல் செய்து பணமும் கட்டியாகிவிட்டது. ரிங்கிட் ஏறியதால் இந்தியச் சரக்கு மலிந்தாலும் அந்த லாபம் இந்த ஆர்டருக்குக் கிடைக்காது. செலவு பழைய ரேட்டில் நின்றுவிட்டது, வரவு மட்டும் புது ரேட்டுக்குப் போய்விட்டது.

இங்கே தவறு ரேட்டை ஊகிக்காதது அல்ல, அதை யாராலும் முடியாது. மூன்று மாதம் கழித்து வரும் பணத்துக்கு இன்றைய ரேட்டில் விலை சொன்னதுதான். கையிருப்புச் சரக்குக்கு டாலர் விலை சொல்லலாம், ஆனால் 'ஏழு நாள் வரை' என்று எழுதிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கும் ஆர்டருக்கு மீதித் தொகையை ரிங்கிட்டில் குறித்து, கட்டும் நாளின் ரேட்டில் மாற்றச் சொல்வதே எனக்குச் சரியென்று படுகிறது. வாடிக்கையாளர் முகம் சுளித்தால் முன்பணத்தைக் கூட்டிக் கேளுங்கள்.

அப்புறம், 3.47 என்பது எங்கே பார்த்த ரேட்? கூகுளில் தெரிவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள எண். பணம் வாங்கித் தரும் நிறுவனம் அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் கணக்கில் போடும். 2 சதவீதம் என்று வைத்தாலும் அந்த 1,680 டாலரில் இன்னும் 108 ரிங்கிட் போல போகும். கடைசியாக வந்த மூன்று தொகைகளை எடுத்து, கைக்கு வந்த ரிங்கிட்டை டாலரால் வகுத்துப் பாருங்கள். உங்கள் உண்மையான ரேட் அதுதான்.

இந்தக் குறைவு அண்ணனுக்கு உடனே தெரியாமல் போனதற்கு அவருடைய கூகுள் ஷீட்தான் காரணம். அதில் ரேட் கட்டத்தில் இது இருந்தது:

```
=GOOGLEFINANCE("CURRENCY:SGDMYR")
```

எல்லா ஆர்டரும் இந்த ஒரே கட்டத்தோடு பெருக்கப்பட்டிருந்தன. இது அவ்வப்போது தானே புதுப்பித்துக்கொள்ளும். செப்டம்பரில் திறந்தால் ஜூலை முன்பணமும் 3.21-இல் காட்டும். நேற்று பார்த்த மாத விற்பனை இன்று வேறு எண்ணாக இருந்தால் இந்த வியாதிதான். ஒவ்வொரு வரியிலும் பணம் வந்த தேதி, அன்றைய ரேட், கைக்கு வந்த ரிங்கிட் மூன்றையும் எண்ணாகவே எழுதி வையுங்கள். விட்டுப்போன நாளின் ரேட் வேண்டுமென்றால்:

```
=INDEX(GOOGLEFINANCE("CURRENCY:SGDMYR","price",DATE(2024,9,27)),2,2)
```

வந்த எண்ணை மதிப்பாக மட்டும் ஒட்டிவிடுங்கள்.

திருப்பித் தரும் பணத்திலும் இதே சிக்கல் உண்டு. அக்கா ஒரு சேலையைத் திருப்பி அனுப்பினால் அவருக்கு 200 டாலர் முழுதாகப் போக வேண்டும். மீதித் தொகை வந்தபோது அந்த 200-க்கு, 2 சதவீதம் போக, நமக்குக் கிடைத்தது 629 ரிங்கிட். ஒரு மாதம் கழித்து ரேட் 3.30 என்றால் நம் கையிலிருந்து போவது 660. இதை விற்ற நாள் ரேட்டிலேயே எழுதிவிட்டு, பேங்க் ஸ்டேட்மெண்டோடு ஒத்துப்போகாத 31 ரிங்கிட்டைத் தேடி ஒரு முழு மாலையைக் கழித்தவன் நான். இப்போது 'நாணய மாற்று இழப்பு' என்று தனி வரி வைத்து அதில் போட்டுவிடுகிறேன்.