இரவு முழுக்க ஓடும் நான்கு ஆம்பியர்: வீட்டில் மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜ் செய்வதில் நடக்கும் தவறுகள்

"ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸே இந்த பாயின்ட்டில் ஓடுது, ஸ்கூட்டர் சார்ஜர் ஓடாதா?" ஸ்கூட்டர் வாங்கிய வீடுகளில் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். கணக்கு சரியாகவே தெரியும். வீட்டுக்கென்று தரப்படும் சார்ஜர்களில் பெரும்பாலானவை 650 முதல் 950 வாட் வரைதான். 750 வாட் சார்ஜர் என்றால், அதன் உள்ளே வீணாவதையும் சேர்த்துச் சுவரிலிருந்து ஏறக்குறைய 850 வாட் இழுக்கும். 230 வோல்ட்டுக்கு அது நான்கு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. சிறிய பாயின்ட்டின் அளவே 6 ஆம்பியர்தானே, பிறகு என்ன பயம்?

பயம் ஆம்பியரில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அயர்ன் பாக்ஸ் சூடேறியதும் தானே கட் ஆகி, ஆறியதும் மறுபடி ஓடும். மிக்ஸி சில நிமிடம், கெய்சர் கால் மணி நேரம். ஸ்கூட்டர் சார்ஜர் அப்படி இல்லை. 3 கிலோவாட்-அவர் பேட்டரி காலியாக இருந்தால் நாலரை, ஐந்து மணி நேரம் இடைவிடாமல் அதே கரண்ட் ஓடும். அந்த பாயின்ட்டில் எங்காவது ஒரு பிடிப்பு தளர்ந்திருந்தால், அங்கே உண்டாகும் சூடு ஆறுவதற்கு இடைவெளியே கிடைக்காது.

அந்தச் சூடு எவ்வளவு என்று பார்க்கலாம். சாக்கெட்டின் உள்ளே பித்தளைப் பட்டை பின்னை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பல வருடம் செருகிப் பிடுங்கியதில் பட்டை விரிந்து, தொடும் இடத்தில் அரை ஓம் தடை உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆம்பியரின் வர்க்கம் 16, அதை அரையால் பெருக்கினால் 8 வாட். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 8 வாட் முழுவதும் மிளகு அளவுள்ள ஓர் இடத்தில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், மணிக்கணக்காக இறங்குகிறது. சூட்டில் பட்டை இன்னும் விரியும், கருகிய படலம் சேரும், தடை ஏறும், சூடு அதற்கு மேல் ஏறும்.

பலர் நினைப்பதற்கு மாறான ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. கரண்ட் அளவுக்கு மேல் போனால் அணையும் எம்.சி.பி. இந்தச் சூட்டைக் கண்டுபிடிக்காது. ஓடுவது அதே நான்கு ஆம்பியர்தான், அதனால் அதன் கண்ணில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கரண்ட் கசிந்தால் அணையும் ஆர்.சி.சி.பி.யும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் இங்கே கரண்ட் எங்கும் கசியவில்லை. "எங்க வீட்டில் ட்ரிப்பர் இருக்கு" என்று நிம்மதியாக இருக்க முடியாத ஆபத்து இது. கண்டுபிடிக்க நம் கையும் மூக்கும்தான் வேண்டும்.

அதைச் செய்யும் முறை சுலபம். சார்ஜ் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துச் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் உடலையும் சாக்கெட்டின் முகத்தையும் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சரி. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த பாயின்ட்டில் இனி சார்ஜ் போடக் கூடாது. ஓட்டையைச் சுற்றி மஞ்சள் அல்லது பழுப்பு நிறம், கருகிய பிளாஸ்டிக் வாடை, செருகும்போது "சிர்" என்ற சத்தம், பிளக் தன் எடையிலேயே தொங்கிச் சரிவது எல்லாம் அதே நோயின் அறிகுறிகள். சாக்கெட்டை மாற்றும்போது பிளக்கின் பின்னையும் பாருங்கள். கருத்த பின்னைப் புது சாக்கெட்டில் செருகினால் சில மாதங்களில் அதுவும் கெட்டுப்போகும். பின் கருத்திருந்தால் சர்வீஸ் சென்டரில் பிளக்கோடு சேர்ந்த ஒயரை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சரி, எந்த பாயின்ட் நல்லது? பெரிய மூன்று பின் கொண்ட 16 ஆம்பியர் பவர் பாயின்ட், அதாவது வழக்கத்தில் நாம் 15 ஆம்பியர் என்று சொல்வது. நான்கு ஆம்பியருக்கு எதற்கு இவ்வளவு பெரியது என்றால், அதன் பட்டை தடிமன், பிடிப்பு இறுக்கம், பின்னால் வரும் ஒயரும் பெரிது. சார்ஜர் பிளக்கே பெரிய பின்னோடு வந்தால், அதைச் சின்ன ஓட்டையில் செருகக் கடையில் விற்கும் கன்வெர்ட்டர் பிளக்கை வாங்காதீர்கள். ஒரு தொடர்பு இருக்க வேண்டிய இடத்தில் அது இரண்டு தளர்ந்த தொடர்புகளை உண்டாக்கும். சார்ஜரின் கனத்தில் எப்போதும் கீழே இழுபட்டுக்கொண்டும் இருக்கும்.

இதிலேயே இன்னொரு தவறு நடக்கிறது. சுவிட்ச் போர்டில் இருந்த சின்ன சாக்கெட்டைக் கழற்றி, அதே இடத்தில் 16 ஆம்பியர் சாக்கெட்டை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். முகம்தான் மாறியது. பின்னால் வருவது ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட 1 அல்லது 1.5 எம்.எம். ஒயர், அதுவும் நான்கு போர்டுகளைச் சுற்றி வந்த ஒயர். எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியது இது: மெயின் போர்டிலிருந்து நேராக 2.5 எம்.எம். காப்பர் ஒயரில் தனி லைன், அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., கூடவே எர்த் ஒயர். பார்க்கிங் தூரமாக இருந்தால் 4 எம்.எம். போடுங்கள். சாக்கெட் வெளிச்சுவரில் என்றால் மூடியுள்ள, மழை புகாத பெட்டி வேண்டும். அந்த லைன் இன்வெர்ட்டரில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போன நேரத்தில் ஸ்கூட்டர் சார்ஜர் 150 ஏ.எச். பேட்டரியைச் சீக்கிரமே காலி செய்துவிடும், வீட்டுக்கு ஃபேன் கூட மிஞ்சாது.

எர்த் இருக்கிறதா என்பதை டெஸ்டரால் தெரிந்துகொள்ள முடியாது. மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. பழைய வீடுகளில் அது பின்னால் எங்கும் இணைக்கப்படாமல் கிடப்பதும் உண்டு. மல்ட்டிமீட்டர் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டினாலும் போதாது, பலவீனமான எர்த்திலும் அந்த எண் வரும். எலக்ட்ரீஷியன் 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கொடுத்துப் பார்ப்பார். நியூட்ரலில் எரிந்த அதே வெளிச்சத்தில் எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது, மங்கினால் இல்லை. ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் பல்பைக் கொடுத்த உடனே அது ட்ரிப் ஆகும், அதுவும் நல்ல செய்திதான். இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஸ்கூட்டர் வாசலில், பாயின்ட் ஹாலில் என்றால் பத்து மீட்டர் ஒயரை ஜன்னல் வழியாக இழுப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். மலிவான பெட்டியின் ஒயரில் காப்பர் அரை எம்.எம். அளவுதான் இருக்கும். போக வர இருபது மீட்டருக்கு அதன் தடை முக்கால் ஓமுக்கும் மேல். நான்கு ஆம்பியர் ஓடும்போது 12 வாட்டுக்கு மேல் ஒயரிலேயே சூடாக மாறுகிறது. நீட்டி விரித்திருந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். மிச்ச ஒயரைச் சுருட்டி, அதன் மேல் மிதியடி போட்டு வைத்தால் எல்லாம் ஒரே இடத்தில் தேங்கி ரப்பர் இளகும். கதவிடுக்கிலும் ஜன்னல் கம்பியிலும் நசுங்கும் இடம் தனிக் கதை. இதற்கு மேல் பெட்டியின் உள்ளே மெல்லிய தகடு, பெரும்பாலும் பெயரளவில் ஓர் எர்த். அந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டி போட்டால் தளர்ந்த தொடர்புகளின் எண்ணிக்கைதான் கூடும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: வோல்ட்டேஜ் குறைந்தால் அயர்ன் பாக்ஸ் மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான். ஸ்கூட்டர் சார்ஜரோ அதே வாட்டை எடுக்கப் பார்க்கும், அதனால் கரண்ட் ஏறும். மாலையில் 200 வோல்ட்டாக இறங்கும் தெருக்களில் 3.7 என்பது 4.25 ஆம்பியர் ஆகிவிடும். மெல்லிய ஒயர் தன் பங்குக்கு வோல்ட்டேஜைத் தின்று அதை இன்னும் ஏற்றும். ஒரு நாள் அவசரத்துக்கு எக்ஸ்டென்ஷன் தவிர்க்க முடியாது என்றால், 2.5 எம்.எம். மூன்று கோர் ஒயரில், 16 ஆம்பியர் பிளக்கும் ஒற்றை சாக்கெட்டும் வைத்து, தேவையான நீளத்துக்கு மட்டும் செய்து, முழுதாக விரித்துப் பயன்படுத்துங்கள். தினசரிக்கு அதுவும் வேண்டாம், பாயின்ட்டையே வண்டியிடம் கொண்டுபோங்கள்.

வண்டி நிற்கும் இடமும் முக்கியம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் இரவு சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். வீட்டுக்கு ஒரே வாசல் என்றால் அந்த வாசலை ஒட்டியோ, மாடிப்படிக்கு அடியிலோ வண்டியை வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். தப்பிக்கும் வழி எது என்று பார்த்து, அந்த வழிக்கு வெளியே வையுங்கள். கழற்றும் பேட்டரியைப் படுக்கையறைக்கு எடுத்துவருவதும் வேண்டாம். வெயிலில் ஓட்டி வந்த வண்டிக்கு அரை மணி நேரம் ஆற விட்டு, அப்புறம் சார்ஜ் போடுங்கள்.

இனி காசு. இரவில் போட்டால் கட்டணம் குறைவு என்று பலர் நம்புகிறார்கள். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை கிடையாது. மாறுவது ஸ்லாப்தான். தினம் 30 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பேட்டரியில் சுமார் ஒரு யூனிட் செலவாகும், சுவரிலிருந்து அது 1.15 யூனிட். இரண்டு மாதத்துக்கு 70 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை உயர்வுக்குப் பிந்தைய கட்டணத்தில் கணக்கிட்டால், ஏற்கெனவே 420 யூனிட் ஓடும் வீடு 490 ஆகும். 401-க்கு மேல் யூனிட் 6.30 ரூபாய், அதனால் கூடுதல் செலவு 441 ரூபாய், ஒரு நாளைக்கு ஏழு ரூபாய் சொச்சம். ஏற்கெனவே 470 ஓடும் வீட்டிலோ மொத்தம் 540 ஆகிவிடும். 500-க்கு மேல் உள்ள 40 யூனிட்டுக்கு 8.40 ரூபாய். போதாததற்கு, 101 முதல் 200 வரை 2.35 ரூபாயாக இருந்த சலுகை விலை 4.70 ஆகும். அதே 70 யூனிட்டுக்கு இப்போது 760 ரூபாய். பெட்ரோலோடு ஒப்பிட்டால் இதுவும் மலிவுதான், ஆனால் 500-ஐ ஒட்டி நிற்கும் வீடுகள் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயமும் தெரிகிறது. தினம் 1.15 யூனிட் ஏற்ற 750 வாட் சார்ஜருக்கு ஒன்றரை மணி நேரம் போதும். முடிவில் வேகம் குறைவதால் இரண்டு மணி என்று வையுங்கள். மாலை ஏழரைக்குப் போட்டால் ஒன்பதரைக்கு முடிந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்க்க வீட்டில் எல்லோரும் விழித்திருப்பார்கள். வண்டியைக் காலியாகும் வரை ஓட்டிவிட்டு, வாரம் இரண்டு முறை இரவு முழுக்கப் போடும் பழக்கம்தான் ஐந்து மணி நேர ஓட்டத்தை நாம் தூங்கும் நேரத்துக்குத் தள்ளுகிறது.