தக்காளி சாஸ் இனிக்க வேண்டுமா? மூடியைக் கவனியுங்கள்

காரைக்குடிப் பக்கம் பாஸ்தாவுக்கு சாஸ் வைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, குழம்பு மாதிரி மூடி போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவது. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள், "ஒரு மணி நேரமாக் கொதிக்குது, இன்னும் தண்ணியா, புளிப்பாத்தானே இருக்கு?" என்றார். திறந்து பார்த்தால் மூடியின் உட்புறம் முழுக்க நீர்முத்து. போக வேண்டிய ஆவி திரும்பத் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டிக்கொண்டிருந்தது. குக்கரில் நாலு விசில் விட்டாலும் இதே கதிதான்.

தக்காளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அது வற்றினால்தான் உள்ளிருக்கும் சர்க்கரை நாக்குக்குத் தெரியும். ஆனால் புளிப்பும் கூடவே செறிவாகும். அதனால்தான் நாட்டுத் தக்காளியை மட்டும் போட்டு எவ்வளவு நேரம் வைத்தாலும் இனிக்காது. பாதிக்குப் பாதி பெங்களூர் தக்காளி கலந்துகொள்ளுங்கள், நன்றாகப் பழுத்ததாக. வெங்காயத்தையும் அவசரமாகச் சிவக்க விடாமல், எண்ணெயில் சிம்மில் 10 நிமிடமாவது வதக்கினால் இனிப்பில் பாதி அங்கேயே வந்துவிடும்.

ஒரு கிலோ தக்காளிக்குக் கணக்கு இது. அடிகனமான, அகலமான எவர்சில்வர் பாத்திரம் போதும். இரும்புச் சட்டி வேண்டாம், புளிப்பு பட்டு இரும்பு வாடை ஏறிவிடும். வெங்காயம், பூண்டு வதங்கியதும் தக்காளியைப் போட்டு, உப்பைக் குறைவாகச் சேர்த்து, முதல் 10 நிமிடம் மூடி வையுங்கள். தக்காளி தன் சாற்றிலேயே குழையத்தான் இந்த மூடி. பிறகு எடுத்துவிடுங்கள். சிம்மில், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வெடிக்கும் அளவில், 35 முதல் 45 நிமிடம். அடுப்பைச் சுற்றித் தெறித்தால், பாத்திர விளிம்பில் கரண்டியைக் குறுக்கே வைத்து மூடியை அதன்மேல் சாய்த்து வையுங்கள். ஆவி போக இடம் இருக்கும்.

தொக்குப் பழக்கத்தில் தீயைக் கூட்டிக் கிண்டுவது அடுத்த தவறு. மேலே வற்றும் முன் அடி பிடிக்கும், அந்தக் கசப்பு பிறகு எதற்கும் போகாது. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, கரண்டியால் கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம். தட்டில் ஒரு சொட்டு வைத்தால் சுற்றிலும் தண்ணீர் வளையம் வரக்கூடாது. அளவு ஏறக்குறைய பாதியாகியிருக்கும்.

இதற்கு மேலும் கொதிக்கவிட்டால் இன்னும் இனிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒன்றரை மணி நேரம் போனால் பழத்தின் வாசம் போய், டப்பா பேஸ்ட் மாதிரி ஆகிவிடும். இத்தாலியின் பொலோன்யா பக்கத்தில் மணிக்கணக்கில் வைப்பது கறி போட்ட சாஸை. அங்கே கறி வேக வேண்டும்.

அப்படியும் புளித்தால் கடைசியில் அரைத் தேக்கரண்டி சர்க்கரை, ஒரு துண்டு வெண்ணெய். உப்பையும் அப்போதே சரிபாருங்கள்: வற்றும் முன் சரியாக இருந்த உப்பு வற்றியபின் கரிக்கும்.