இரண்டு சென்சஸ் எண்களை வைத்து பத்து வருடம் தள்ளி மக்கள்தொகையைக் கணிப்பது எப்படி? பெங்களூர் கணக்கு, படிப்படியாக

ஒரு ஊரில் இரண்டு சென்சஸில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரிந்தால், அடுத்த பத்து வருடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். சூத்திரம் ரொம்பச் சின்னது. அதில் போடுகிற எண்கள்தான் ஆளைக் கவிழ்க்கும், அதனால் அதற்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நாம் இருக்கும் பெங்களூரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம், இந்த ஊரில் அந்தப் பொறி நன்றாகவே தெரியும்.

படி 1: எந்த எல்லைக்குள் எண்ணினார்கள் என்று பாருங்கள்

பெங்களூர் மாநகராட்சியின் மக்கள்தொகை 2001 சென்சஸில் 43,01,326. 2011 சென்சஸில் 84,43,675. பத்து வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! இதை அப்படியே எடுத்துக் கணக்குப் போட்டால் 2021-க்கு சுமார் 165.8 லட்சம் என்று வரும். பெங்களூர் டிராஃபிக்கில் தினமும் சிக்குகிறவர்களுக்கு அது நம்பும்படியாகக்கூட இருக்கும்.

ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒரே ஊரை எண்ணியவை அல்ல. 2007-இல் பழைய மாநகராட்சியோடு ஏழு நகராட்சிகள், கெங்கேரி பேரூராட்சி, 110 கிராமங்கள் எல்லாம் சேர்க்கப்பட்டு பிபிஎம்பி என்ற பெரிய மாநகராட்சி உருவானது. கே.ஆர்.புரம், மகாதேவபுரா, பொம்மனஹள்ளி, எலஹங்கா எல்லாம் அப்படி உள்ளே வந்தவைதான். 2001-இல் கே.ஆர்.புரத்தில் இருந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் அந்த சென்சஸில் மாநகராட்சிக் கணக்கில் வரவில்லை. 2011-இல் வந்துவிட்டார்கள். நடுவில் அவர்கள் வீடுகூட மாறவில்லை, எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது. இப்படி வந்து சேர்ந்தவர்களையும் நம் சூத்திரம் 'வளர்ச்சி' என்றே எடுத்துக்கொள்ளும், அதே வேகத்தில் அடுத்த பத்து வருடமும் ஊர் வளரும் என்று நீட்டிவிடும். அடுத்த பத்து வருடத்தில் இன்னொரு ஏழு நகராட்சி வந்து சேரப்போவதில்லை.

அதனால் இரண்டு சென்சஸுக்கும் எல்லை மாறாத ஒரு பகுதியைத் தேட வேண்டும். பெங்களூருக்கு அது பெங்களூர் நகர மாவட்டம். ஆனேக்கல் பக்கத்துக் கிராமங்களும் இதில் சேரும் என்பது ஒரு குறைதான், ஆனாலும் கோடு நகரவில்லை. எண்கள் இவை:

- 2001: 65,37,124
- 2011: 96,21,551

இரண்டு சென்சஸுக்கும் குறிப்புத் தேதி மார்ச் 1, அதனால் நடுவில் சரியாகப் பத்து வருடம். ஒரு விஷயம், சென்சஸ் முடிந்ததும் முதலில் தற்காலிக எண்ணிக்கை வரும், பிறகுதான் இறுதி எண்ணிக்கை வரும். ஒரு வருடத்துக்குத் தற்காலிகம், இன்னொன்றுக்கு இறுதி என்று கலந்துவிடாதீர்கள். மேலே இருப்பவை இறுதி எண்கள்.

படி 2: வளர்ச்சி வீதம்

நாம் வைத்துக்கொள்ளும் அனுமானம் ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு கணமும் ஊர் எவ்வளவு கூடுகிறது என்பது, அந்தக் கணத்தில் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு ஏற்ற விகிதத்தில் இருக்கும். வட்டியை எடுக்காமல் வங்கியிலேயே விட்டு வைத்தால் வட்டிக்கும் வட்டி ஏறுகிறதே, அதே கதை. எழுதினால் இப்படி:

```
P2 = P1 * e^(r*t)
r  = ln(P2 / P1) / t
```

P1 பழைய எண், P2 புதிய எண், t இடைவெளி வருடங்கள், r வருட வளர்ச்சி வீதம். முதலில் வகுத்துப் பார்ப்போம். 96,21,551-ஐ 65,37,124-ஆல் வகுத்தால் 1.4718. அதாவது மாவட்டம் பத்து வருடத்தில் சுமார் 47% கூடியது. 1.4718-இன் இயல் மடக்கை, அதாவது ln, 0.3865. பத்தால் வகுத்தால் r = 0.03865, வருடத்துக்கு 3.87% போல.

ஸ்ப்ரெட்ஷீட்டில் B2-இல் பழைய எண், B3-இல் புதிய எண் வைத்துவிட்டு, B4-இல் முதல் வரியையும் B5-இல் இரண்டாவது வரியையும் போடுங்கள்:

```
=LN(B3/B2)/10
=B2*EXP(B4*10)
```

இரண்டாவது வரி சோதனைக்கு. அது B3-இல் இருக்கும் எண்ணை, 96,21,551-ஐ, அப்படியே திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் r தப்பு, மேலே போக வேண்டாம். இந்தச் சோதனையில் பிடிபடுகிற தப்புகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, LN-க்குப் பதில் LOG என்று அடிப்பது. ஸ்ப்ரெட்ஷீட்டில் வெறும் LOG என்றால் பத்தை அடியாகக் கொண்ட மடக்கை, அதைப் போட்டால் சோதனை வரியில் 77.3 லட்சம்தான் வரும். (பைத்தானில் இது நேர்மாறு, அங்கே `math.log` என்றாலே இயல் மடக்கைதான், அதனால் இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.) இரண்டாவது, 47%-ஐ நேராகப் பத்தால் வகுத்து வருடத்துக்கு 4.7% என்று எடுத்து, அதைக் கூட்டு வட்டி மாதிரி ஏற்றுவது. அப்படிச் செய்தால் 2011-க்கே 103.5 லட்சம் என்று வரும், எண்ணிய எண்ணைவிட ஏழு லட்சத்துக்கு மேல் அதிகம். இரண்டிலுமே 2021-க்கு வரும் விடையைப் பார்த்தால் சந்தேகம் வராது, 2011-ஐத் திருப்பிப் போட்டால்தான் தெரியும்.

படி 3: பத்து வருடம் முன்னே

```
=B3*EXP(B4*10)
```

விடை சுமார் 1,41,61,300. அவ்வளவுதான். 141.6 லட்சம் என்று எழுதுங்கள், கடைசி இலக்கம் வரை எழுதினால் இல்லாத துல்லியத்தைக் காட்டுவது போல ஆகிவிடும்.

இங்கே ஒரு குறுக்கு வழி உண்டு. இரண்டு சென்சஸுக்கும் இடையே பத்து வருடம், நாம் தாண்டுவதும் பத்து வருடம் என்றால், மடக்கையே வேண்டாம். 2011 எண்ணை மறுபடி 1.4718-ஆல் பெருக்கினால் போதும், அதே விடை. r தேவைப்படுவது நடுவில் ஏதாவது ஒரு வருடத்துக்கு எண் வேண்டும் என்றால்தான், உதாரணமாக 2016-க்கு EXP-க்குள் 10-க்குப் பதில் 5.

இப்போது படி 1-இல் வந்த 165.8 லட்சத்தைத் திரும்பப் பாருங்கள். அது மாநகராட்சிக்கு மட்டும். 2011-இல் எண்ணிய மாநகராட்சி கிட்டத்தட்ட முழுவதும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது, மாவட்டத்துக்கோ 141.6 லட்சம்தான் வருகிறது. உள்ளே இருக்கும் பகுதி முழு மாவட்டத்தையும் விடப் பெரியதாக இருக்க முடியாது இல்லையா? எந்த ஊருக்குக் கணக்குப் போட்டாலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டத்துக்கும் ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். எல்லை மாறியது நமக்குத் தெரியாமல் போனாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

படி 4: பழைய பத்து வருடத்தில் வைத்துச் சோதியுங்கள்

வந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? 2021-இல் நடக்க வேண்டிய சென்சஸ் தள்ளிப்போய், அடுத்ததன் குறிப்புத் தேதி 2027 மார்ச் 1 என்று ஆகிவிட்டதால், 141.6 லட்சத்தை எண்ணிய எண்ணோடு ஒப்பிட வழியில்லை. ஆனால் ஒரு சென்சஸ் பின்னால் போய் இதே முறையைச் சோதிக்கலாம், விடை நம் கையிலேயே இருக்கிறது.

இதே மாவட்டத்தின் 1991 மக்கள்தொகை 48,39,162. 1991, 2001 இரண்டையும் மட்டும் வைத்து, 2011 தெரியாதது போலக் கணக்குப் போடுங்கள். விகிதம் 1.3509, r = 0.0301. 2011-க்கு வரும் கணிப்பு 88.3 லட்சம். எண்ணியது 96.2 லட்சம். 7.9 லட்சம் பேர், அதாவது எட்டு சதவீதம் குறைத்துச் சொல்லிவிட்டோம்.

காரணம் சூத்திரத்தில் இல்லை, அனுமானத்தில் இருக்கிறது. பிறப்பும் இறப்பும் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தவை, அதற்கு இந்த அனுமானம் பொருந்தும். ஆனால் 2001-2011-இல் கர்நாடகா முழுவதும் கூடியது 15.6% தான், பெங்களூர் நகர மாவட்டமோ 47%. அந்த இடைவெளியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தவர்கள், நம்மில் பலரும் அதில் அடக்கம். தர்மபுரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ ஒருவர் பஸ் ஏறி இங்கே வருவது இங்கே வேலை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, இங்கே ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அவ்வளவாகப் பொறுத்ததல்ல. ஆகவே வேலை பெருகிய பத்து வருடத்தில் r ஏறும், இல்லாத பத்து வருடத்தில் இறங்கும். மைனஸில்கூடப் போகும்: மும்பை நகர மாவட்டம், அதாவது தீவுப் பகுதி, 2001-இல் 33,38,031, 2011-இல் 30,85,411. அங்கே r = -0.0079. சூத்திரம் அதையும் மறுக்காமல் நீட்டி 2021-க்கு 28.5 லட்சம் என்று சொல்லும்.

எனவே ஒரே எண்ணைக் கொடுக்காமல் இரண்டு r-ஐயும் போட்டு இரண்டு எண் கொடுப்பதுதான் நேர்மை என்று நான் நினைக்கிறேன். 2011-இல் இருந்து பழைய வேகத்தில் போனால் (r = 0.0301) 2021-க்கு 130 லட்சம், புதிய வேகத்தில் போனால் 141.6 லட்சம். வித்தியாசம் 11.6 லட்சம் பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் அது மட்டுமே தினமும் 15.7 கோடி லிட்டர், டேங்கர் லாரிக்குக் காத்திருந்த எவருக்கும் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, பத்து வருடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். r = 0.03865 என்றால் சுமார் 18 வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகை இரட்டிப்பாகும். 2027 வரை இதையே ஓட்டினால் 178.6 லட்சம் வருகிறது, ஆனால் அந்தப் பதினாறு வருடமும் ஒரே வேகம் என்று சொல்ல 2001-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட ஒரே ஒரு வளர்ச்சிதான் நம்மிடம் சாட்சி. 2027 எண்ணிக்கை வெளியானதும் B2-இல் 2011 எண்ணையும் B3-இல் புது எண்ணையும் வையுங்கள். அந்த இடைவெளி பதினாறு வருடம் என்பதால் வீதத்துக்கான B4-இலும் சோதனைக்கான B5-இலும் 10-ஐ 16 ஆக்க வேண்டும், முன்னே தாண்டும் வரியில் மட்டும் 10 அப்படியே இருக்கட்டும்.