எஃப்.சி.எஃப்.எஸ்ஸா, ரவுண்ட் ராபினா: லேப் ரிப்போர்ட்டின் முடிவுரையை எழுதும் முறை

போன வாரம் கோபி பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி ஆபரேட்டிங் சிஸ்டம் லேப் ரெக்கார்டு நோட்டை நீட்டினாள். சிபியூவை எந்த பிராசஸுக்கு எப்போது கொடுப்பது என்பதற்கான இரண்டு முறைகளை ஒப்பிடும் பயிற்சி: வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றையும் முடிக்கும் எஃப்.சி.எஃப்.எஸ்., ஆளுக்குக் கொஞ்ச நேரமாகச் சுற்றிச் சுற்றிக் கொடுக்கும் ரவுண்ட் ராபின். புரோகிராம் சரி, டேபிள் சரி. கடைசியில் ஒரே வரி: "எனவே ரவுண்ட் ராபின் சிறந்தது."

"எதுல சிறந்தது கண்ணு?" என்றேன்.

"ஆவரேஜ் வெயிட்டிங் டைம் குறைஞ்சிருக்குதுங்க சார். அது போதாதுங்களா?"

போதாது. ஏன் போதாது என்பதை அவளுடைய எண்களை வைத்தே பார்ப்போம். நான்கு பிராசஸ்கள், எல்லாமே 0-வது மில்லிசெகண்டில் வந்துவிட்டன. வரிசை P1, P2, P3, P4. ரவுண்ட் ராபினில் ஒரு முறைக்குக் கொடுக்கும் நேரமான குவாண்டம் 4. டேபிளில் burst என்பது ஒவ்வொரு பிராசஸுக்கும் தேவையான சிபியூ நேரம்.

```
      burst  FCFS wait  RR wait
P1     20       0         12
P2      4      20          4
P3      2      24          8
P4      6      26         14
avg            17.5       9.5
```

முதலில், எண்களை நம்பலாமா என்று பாருங்கள்

முடிவுரைக்குப் பேனாவை எடுக்கும் முன் மூன்று சோதனைகள். பர்ஸ்ட் டைம்களைக் கூட்டினால் 32. சிபியூ எங்கும் சும்மா நிற்கவில்லை, பிராசஸ் மாற்றுவதற்கு நேரம் எதுவும் கணக்கில் சேர்க்கவில்லை என்றால், இரண்டு முறையிலும் கடைசி பிராசஸ் 32-ல்தான் முடிய வேண்டும். அடுத்து, குவாண்டத்தை 20 ஆக்கி ஓட்டுங்கள். எந்த பிராசஸும் இடையில் நிறுத்தப்படாததால் ரவுண்ட் ராபின் அப்படியே எஃப்.சி.எஃப்.எஸ். ஆகி, சராசரி 17.5 வர வேண்டும். வராவிட்டால் கியூவில் ஏதோ பிழை.

மூன்றாவதுதான் பலரும் சறுக்கும் இடம். ரவுண்ட் ராபினில் ஒரு பிராசஸ் முதன்முறை சிபியூவைத் தொட்ட நேரத்தையே வெயிட்டிங் டைம் என்று எழுதிவிடுகிறார்கள். அது ரெஸ்பான்ஸ் டைம். இந்த எண்களுக்கு அதன் சராசரி 5.5, உங்கள் வெயிட்டிங் டைம் சராசரி 5.5 என்று வந்திருந்தால் இந்தத் தவறைத்தான் செய்திருக்கிறீர்கள். சரியான கணக்கு இது:

```
waiting = completion - arrival - burst
```

P1 32-ல் முடிகிறது; 32 - 0 - 20 = 12. முதலில் கிளம்பிய பிராசஸ்தான், ஆனாலும் நடுவில் 12 மில்லிசெகண்ட் காத்திருக்கிறது. எஃப்.சி.எஃப்.எஸ்ஸில் இந்த இரண்டு நேரமும் ஒன்றாகவே இருப்பதால் அங்கே தவறு வெளியே தெரியாது.

அடுத்து, காரணத்தை எழுதுங்கள்

17.5 எப்படி 9.5 ஆனது? எங்கள் ஊர் மாவு மில்லில் ஒருவர் ஒரு மூட்டை ராகியோடு முன்னால் நிற்கிறார், பின்னால் ஒரு அம்மா ரெண்டு படி அரிசியோடு நிற்கிறார் என்று வையுங்கள். அந்த அம்மாவின் வேலை ஐந்து நிமிஷம், நிற்பது முக்கால் மணி நேரம். P3-க்கு நடந்தது இதேதான்: 2 மில்லிசெகண்ட் வேலைக்கு 24 மில்லிசெகண்ட் காத்திருப்பு. பாடத்தில் கான்வாய் எஃபெக்ட் என்று வருவது இது. ரவுண்ட் ராபினில் P1-ஐ 4-ல் இறக்கிவிடுவதால் P3 10-லேயே வீட்டுக்குப் போய்விடுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை டேபிளே காட்டுகிறது. P1-ன் காத்திருப்பு 0-விலிருந்து 12 ஆகிவிட்டது. சராசரியை மட்டும் எழுதினால் இது மறைந்துவிடும். அதனால் முடிவுரையில் யார் லாபம் அடைந்தார்கள், யார் கொடுத்தார்கள் என்று இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

பிறகு, உங்கள் முடிவை நீங்களே உடைத்துப் பாருங்கள்

இதைச் செய்யச் சொன்னபோதுதான் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அதே நான்கு பிராசஸ்களைச் சின்னது முன்னால், பெரியது கடைசியில் என்று வரிசை மாற்றினோம்: P3, P2, P4, P1. எஃப்.சி.எஃப்.எஸ். சராசரி 5. ரவுண்ட் ராபின் 6.

"சார், மாறிப் போச்சுங்களே!"

இன்னொன்றும் ஓட்டினோம். நான்குக்கும் பர்ஸ்ட் 8, குவாண்டம் அதே 4. எஃப்.சி.எஃப்.எஸ்ஸில் வெயிட்டிங் சராசரி 12, ரவுண்ட் ராபினில் 18. எல்லோருக்கும் ஒரே அளவு வேலை இருக்கும்போது ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டால் எல்லோருமே கடைசிவரை இழுபடுகிறார்கள். முதல் பிராசஸ் 8-ல் முடிந்திருக்க வேண்டியது, 20-ல் முடிகிறது. ஆனால் ரெஸ்பான்ஸ் டைம் இங்கேயும் 12-லிருந்து 6 ஆகக் குறைகிறது. ரவுண்ட் ராபின் எதற்காக இருக்கிறது என்பது இந்த எண்ணில்தான் தெரிகிறது: எல்லோருக்கும் சீக்கிரம் முதல் பதில் கிடைக்கும். வேலை சீக்கிரம் முடியும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை.

"த்ரூபுட் கூடியது" என்றும் சிலர் எழுதுகிறார்கள். 32 மில்லிசெகண்டில் நான்கு பிராசஸ், இரண்டிலும் அதேதான். அளந்து பார்த்தால் கூடாத ஒன்றைப் புத்தக ஞாபகத்தில் எழுத வேண்டாம்.

கடைசியாக, சிமுலேஷன் எதை விட்டுவிட்டது என்று சொல்லுங்கள்

மாவு மில்லுக்கே திரும்புவோம். மிளகாய் அரைத்த மெஷினில் அப்படியே ராகியைப் போட முடியாது. ஒரு கை தானியத்தைப் போட்டு ஓட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கன்டெக்ஸ்ட் ஸ்விட்ச்சுக்கு ஆவதும் அப்படிப்பட்ட நேரம்தான். முதல் வரிசையில் எஃப்.சி.எஃப்.எஸ்ஸுக்கு 3 ஸ்விட்ச், ரவுண்ட் ராபினுக்கு 6. ஒவ்வொன்றுக்கும் 1 மில்லிசெகண்ட் என்று வைத்தால் (உண்மையில் அவ்வளவு ஆகாது, கணக்குக்காக) முடியும் நேரம் 35-ம் 38-ம் ஆகும். உங்கள் புரோகிராம் 6-க்குப் பதில் 8 என்று காட்டினால், கடைசியில் P1 தனியாக இருக்கும்போதும் குவாண்டம் முடிந்தவுடன் எண்ணிக்கொண்டிருக்கிறது. அங்கே மாற்ற வேறு ஆளே இல்லை.

இவ்வளவும் ஆன பிறகு அவள் திருத்தி எழுதிக் கொண்டுவந்தது இது:

"குவாண்டம் 4-ல், நீண்ட பிராசஸ் முதலில் வந்த வரிசையில், ரவுண்ட் ராபின் சராசரி வெயிட்டிங் டைமை 17.5-லிருந்து 9.5 ஆகக் குறைத்தது. P1-க்குப் பின்னால் சிக்கிய சிறிய பிராசஸ்கள் முன்னதாக முடிந்ததே காரணம். P1-ன் காத்திருப்பு 0-விலிருந்து 12 ஆகக் கூடியது. சிறிய பிராசஸ்கள் முன்னால் வந்தபோதும், எல்லா பர்ஸ்டும் சமமாக இருந்தபோதும் எஃப்.சி.எஃப்.எஸ்ஸின் சராசரியே குறைவு. கன்டெக்ஸ்ட் ஸ்விட்ச் நேரமும் ஐ/ஓ காத்திருப்பும் இந்தச் சிமுலேஷனில் சேர்க்கப்படவில்லை."

கையெழுத்துப் போடும் முன் ஒன்று மட்டும் கேட்டேன்: ஒரு பிராசஸின் குவாண்டம் முடிகிற அதே மில்லிசெகண்டில் புதிதாக ஒன்று வந்தால் கியூவில் யார் முன்னால்? அவளுடைய புரோகிராமில் எல்லாமே 0-வில் வந்ததால் அந்தக் கேள்வியே எழவில்லை. வருகை நேரம் வேறுவேறாக இருக்கும் ரிப்போர்ட்டில் அந்த விதியை ஒரு வரியில் எழுதியே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் பக்கத்து பெஞ்சுக்காரரின் சராசரி வேறாக வரும், இருவருடைய புரோகிராமும் சரியாகவே இருக்கும்.