பவர் பேங்க் நிறைய ஒரு நாள் ஆனது ஏன்? என் அனுபவம்

என் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் காலையில் போட்டால் நள்ளிரவு தாண்டித்தான் நிறைந்தது. பேட்டரி பழுதோ என்று சந்தேகப்பட்டு முதலில் கணக்குப் போட்டேன். உள்ளே இருக்கும் செல்லின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். 20,000 எம்ஏஎச் என்பது 20 ஆம்பியர்-மணி, அதை 3.7 ஆல் பெருக்கினால் மொத்தக் கொள்ளளவு 74 வாட்-மணி. நான் செருகியிருந்தது பழைய போன் சார்ஜர், 5 வோல்ட் 1 ஆம்பியர், அதாவது வெறும் 5 வாட். வகுத்தாலே 15 மணி நேரம் வருகிறது. வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 18 மணி வரை போகும். பேட்டரியில் குறையே இல்லை.

அப்புறம் பவர் பேங்கின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். மைக்ரோ யுஎஸ்பி துளைக்கு 5 வோல்ட் 2 ஆம்பியர்தான். டைப்-சி துளைக்கு 9 வோல்ட் 2 ஆம்பியர், அதாவது 18 வாட். பவர் டெலிவரி என்ற வேக சார்ஜ் முறை உள்ள 20 வாட் சார்ஜரை, இரு முனையும் டைப்-சி ஆன கேபிளால் இணைத்தேன். சுமார் ஐந்தரை மணி நேரத்தில் நிறைந்தது. கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும், அது இயல்பு.

65 வாட் லேப்டாப் சார்ஜரிலும் போட்டுப் பார்த்தேன், நேரம் குறையவில்லை. எவ்வளவு மின்சாரம் எடுப்பது என்று முடிவு செய்வது பவர் பேங்க்தான். அதனால் சார்ஜர் வாங்கும் முன் பவர் பேங்கில் இன்புட் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். அதில் 5 வோல்ட் 2 ஆம்பியர் மட்டுமே இருந்தால் எந்த வேக சார்ஜரும் 10 வாட்டுக்கு மேல் ஏற்றாது.